காலை விலையையும் மாலை விலையையும் வைப்பது யார்?



என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்போது கைப்பேசியில் பங்கு விலை பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், மூணரை மணிக்கு சந்தை மூடும்போது பார்த்தேன், ஒரு விலை இருந்தது. ராத்திரி பார்த்தால் முடிவு விலை என்று வேறொன்றைக் காட்டுகிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?"

யாரும் மாற்றவில்லை. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை வேறு, அன்றைய அதிகாரபூர்வ முடிவு விலை வேறு. அதேபோல் காலையில் முதலில் காட்டும் விலையும் யாரோ ஒருவர் முந்திக்கொண்டு வாங்கிய விலை அல்ல. இரண்டுக்கும் எழுதிவைத்த விதிகள் உண்டு. அந்த விதிகள் நம் நாட்டில் ஒரு முறை வந்து, போய், மீண்டும் வந்த கதைதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கூவி விற்ற காலம்

பங்குச்சந்தையில் முதலில் இருந்ததே ஏலம்தான். நியூயார்க் சந்தையில் 1871 வரை ஒவ்வொரு பங்கின் பெயரையும் வரிசையாக அழைப்பார்கள். அழைத்த நேரத்தில் அந்தப் பங்கை வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களும் ஒன்றாகக் கூடி விலை பேசுவார்கள். முடிந்ததும் அடுத்த பெயர். பங்குகள் பெருகியதும் இப்படி ஒவ்வொன்றாக அழைத்து மாளவில்லை. 1871இல் தொடர் வியாபாரத்துக்கு மாறினார்கள். யார் எப்போது வேண்டுமானாலும், எதிரில் ஆள் கிடைத்தால், வாங்கலாம் அல்லது விற்கலாம் என்றானது. இன்று பகல் முழுக்க நம் சந்தையில் நடப்பது இந்தத் தொடர் வியாபாரம்தான்.

நம் சென்னையிலும் ஒரு பங்குச்சந்தை இருந்தது. 1920இல் தொடங்கி, இடையில் நின்று, 1937இல் மறுபடி உயிர்பெற்றது. பாரிமுனைப் பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அதன் கட்டடம். 2015இல் செபி அனுமதியோடு அது சந்தைத் தொழிலிலிருந்து விலகியது. அந்தக் காலத்துச் சந்தைகளில் தரகர்கள் கூடி நின்று கூவி விலை பேசினார்கள். முதல் பேரம் எந்த விலையில் முடிந்ததோ அதுவே திறப்பு விலை. கடைசிப் பேரம் எதுவோ அதுவே முடிவு விலை. மறுநாள் செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்த பட்டியல் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. முதல் பேரம் பத்தே பங்குக்கு நடந்திருக்கலாம். கடைசிப் பேரமும் அப்படியே. ஊரே ஒரு விலையில் வாங்கி விற்றுக்கொண்டிருக்க, கடைசி நிமிடத்தில் ஒருவர் பத்துப் பங்கை எக்கச்சக்க விலைக்கு வாங்கினால் அதுவே அன்றைய "விலை" ஆகிவிடும். அதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு.

1994 நவம்பரில் தேசியப் பங்குச்சந்தை, அதாவது என்.எஸ்.இ., கணினித் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. 1995 மார்ச்சில் மும்பைப் பங்குச்சந்தையும் கூவலை விட்டுத் திரைக்கு வந்தது. இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: என்.எஸ்.இ.யில் தொடக்க ஆண்டுகளிலேயே காலையில் ஒரு ஏலமும் மாலையில் ஒரு ஏலமும் இருந்தன. 1999இல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல், காலையில் மணி அடித்ததும் நேராகத் தொடர் வியாபாரம்தான்.

2009 மே 18

அந்த ஏற்பாட்டுக்கு வந்த பெரிய சோதனை 2009இல். மே 16, சனிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தொங்கு நாடாளுமன்றம் வரும் என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு நிலையான ஆட்சி வரும் என்று தெரிந்தது. ஞாயிறு முழுக்க எல்லோரும் திங்கட்கிழமை வாங்கத் தயாரானார்கள். அப்போது சந்தை திறக்கும் நேரம் காலை 9.55.

திங்கட்கிழமை திறந்தது. சில நொடிகளில் சென்செக்ஸ் அனுமதித்த அளவுக்கு மேல் ஏறி, வியாபாரம் தானாக நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் திறந்தார்கள். மறுபடியும் நொடியில் மேலே. அன்றைக்கு அத்தோடு மூடிவிட்டார்கள். ஒரே நாளில் 2,110 புள்ளி, 17 சதவீதத்துக்கு மேல் உயர்வு. ஆனால் உண்மையில் வியாபாரம் நடந்த நேரத்தை நொடிக் கணக்கில் சொல்லிவிடலாம்.

இரண்டு நாள் சேர்ந்த செய்தி ஒரே நொடியில் சந்தைக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். விற்க நினைத்தவர் விலையை யோசிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. வாங்க நினைத்தவர்களில் யாருடைய ஆர்டர் ஒரு நொடி முந்தியதோ அவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. ஏலம் இருந்திருந்தாலும் அன்று விலை ஏறித்தான் இருக்கும். ஆனால் வேகத்தால் அல்ல, எத்தனை பேர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்ற கணக்கால் ஏறியிருக்கும்.

2010 அக்டோபர் 18 அன்று காலை ஏலம் திரும்பி வந்தது. முதலில் நிஃப்டி, சென்செக்ஸ் பட்டியலில் உள்ள பங்குகளுக்கு மட்டும். 2013இல் மற்ற பங்குகளுக்கும் விரிந்தது.

ஒன்பது முதல் ஒன்பதே கால் வரை

இந்தப் பதினைந்து நிமிடத்தை மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 9 மணி முதல் 9.08 வரை ஆர்டர் போடலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆனால் அப்போது எதுவும் வியாபாரமாகாது. 9.08 முதல் 9.12 வரை கணினி ஒரே விலையைக் கண்டுபிடித்து, பொருந்துகிற ஆர்டர்களை முடிக்கும். 9.15 வரை சின்ன இடைவெளி. பிறகு வழக்கமான வியாபாரம்.

அந்த ஒரே விலையைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுபோல் சொல்கிறேன். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பங்கின் நேற்றைய முடிவு விலை 250 ரூபாய் என்று வையுங்கள். இன்று காலை வாங்க வந்தவர்கள் நான்கு பேர்:

அமுதா: 400 பங்கு, 256 ரூபாய் வரை தருவார்
பாலு: 300 பங்கு, 254 வரை
செல்வி: 600 பங்கு, 252 வரை
தங்கம்: 600 பங்கு, 250 வரை

விற்க வந்தவர்களும் நான்கு பேர்:

கண்ணன்: 300 பங்கு, 249க்குக் குறையாமல்
மணி: 400 பங்கு, 251க்குக் குறையாமல்
ராணி: 500 பங்கு, 252க்குக் குறையாமல்
வேலு: 600 பங்கு, 255க்குக் குறையாமல்

இப்போது ஒவ்வொரு விலைக்கும் ஒரே கேள்வி: இந்த விலை என்றால் எத்தனை பங்கு கைமாறும்?

251 என்று வைத்தால், அமுதா, பாலு, செல்வி மூவரும் வாங்கத் தயார், மொத்தம் 1,300. விற்கத் தயாராக இருப்பவர்கள் கண்ணனும் மணியும் மட்டும், 700. கைமாறுவது 700.

252 என்று வைத்தால், வாங்க அதே 1,300. விற்க இப்போது ராணியும் சேர்ந்து 1,200. கைமாறுவது 1,200.

253 என்று வைத்தால் செல்வி விலகிவிடுவார். வாங்க 700தான் இருக்கும். விற்க 1,200 இருந்தாலும் கைமாறுவது 700.

ஆக, 252இல்தான் அதிகப் பங்கு கைமாறுகிறது. அதுவே அன்றைய திறப்பு விலை. எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அதைத் தேர்ந்தெடு என்பதுதான் முதல் விதி. இரண்டு விலைகளில் ஒரே அளவு கைமாறும் என்றால், பொருந்தாமல் மிஞ்சுவது குறைவாக இருக்கும் விலையை எடுப்பார்கள். அதிலும் சமம் என்றால் நேற்றைய முடிவு விலைக்கு அருகில் உள்ளதை எடுப்பார்கள்.

யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அமுதா 256 கொடுக்கத் தயாராக இருந்தார், 252தான் கொடுத்தார். கண்ணன் 249 போதும் என்றார், 252 கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே விலை. செல்விக்கு மட்டும் 600இல் 500 கிடைத்தது. மீதி 100க்கான ஆர்டர், தங்கத்தின் ஆர்டர், வேலுவின் ஆர்டர் எல்லாம் அவரவர் சொன்ன விலையோடு 9.15க்குப் பிறகான வியாபாரத்துக்குப் போய்விடும். ஏலத்தில் எதுவுமே பொருந்தவில்லை என்றால், 9.15க்கு மேல் நடக்கும் முதல் வியாபாரத்தின் விலையே திறப்பு விலை.

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை கொண்டுபோனவர்களுக்கு மறைமுக ஏலம் தெரியும். வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள், அதிக விலை எழுதியவருக்கு அந்தக் குவியல். அங்கே ஒரு குவியலுக்கு ஒரு விற்பவர், பல வாங்குபவர். பங்கு ஏலத்தில் இரண்டு பக்கமும் பலர். அதனால் அதிக விலை சொன்னவர் வென்றார் என்பது இங்கே பொருந்தாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு விலை பிறக்கிறது.

கடைசி நிமிடத் தந்திரம்

இந்த எட்டு நிமிடத்தில் திரையில் ஒரு உத்தேச விலை ஓடிக்கொண்டே இருக்கும். "இப்போதே முடித்தால் இந்த விலை வரும்" என்பதுதான் அதன் பொருள். இதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஒருவர் 9.02க்குப் பெரிய வாங்கும் ஆர்டர் போட்டு உத்தேச விலையை ஏற்றிவிடுவார். அதைப் பார்த்து மற்றவர்கள் ஏமாந்து விலையைக் கூட்டுவார்கள். 9.07க்கு மேல் அவர் தன் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, விற்கிற பக்கம் நிற்பார். வியாபாரமே ஆகாத எட்டு நிமிடத்தில் இப்படி விளையாட அவருக்குச் செலவில்லை.

இதைத் தடுக்க ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். ஆர்டர் வாங்கும் நேரம் சரியாக 9.08க்கு முடியாது. ஏழாவது நிமிடத்துக்கும் எட்டாவது நிமிடத்துக்கும் நடுவில், எந்த நொடி என்று முன்கூட்டித் தெரியாமல், கணினி கதவை மூடிவிடும். ரத்து செய்யக் காத்திருப்பவரே தன் பொய் ஆர்டரோடு மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பயம்தான் காவல்.

ஆள் குறைவாக உள்ள சின்னப் பங்குகளில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பத்துப் பேர் போட்ட ஆர்டரில் பிறக்கும் விலை, ஏலத்தில் பிறந்தது என்பதாலேயே நல்ல விலை ஆகிவிடாது. விலையைப் பார்க்கும்போது, அந்த விலையில் எத்தனை பங்கு கைமாறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காலை ஏலத்தின் ஏற்பாடு வேறொரு நாளிலும் கைகொடுத்தது. 2020 மார்ச் 13, கொரோனா பயம். திறந்த சில நிமிடங்களில் சந்தை 10 சதவீதம் விழுந்து வியாபாரம் நின்றது. 2009 போல நேராகத் திறக்கவில்லை. 45 நிமிடம் நிறுத்தி, பிறகு 15 நிமிடம் ஏல அமர்வு நடத்தி, அதற்குப் பிறகே தொடர் வியாபாரத்தைத் தொடங்கினார்கள். அன்று மாலை சென்செக்ஸ் 1,325 புள்ளி உயர்ந்து முடிந்தது. உயர்வுக்கு ஏலம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதறியவர்களுக்கு யோசிக்க நேரமும், விலை கூடும் இடமும் கிடைத்தன.

மாலை விலை: ஏலம் அல்ல, சராசரி

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1999இல் மாலை ஏலம் போனபின், என்.எஸ்.இ.யில் முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேரத்து, அதாவது 3 மணி முதல் 3.30 வரை நடந்த வியாபாரங்களின் எடையிட்ட சராசரி. எடையிட்ட சராசரி எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு பங்கில் அந்த அரை மணியில் இப்படி நடந்தது என்று வையுங்கள்:

1,000 பங்கு, 250 ரூபாய்க்கு: 2,50,000
3,000 பங்கு, 252 ரூபாய்க்கு: 7,56,000
1,000 பங்கு, 258 ரூபாய்க்கு (3.29க்கு): 2,58,000

மொத்தம் 5,000 பங்கு, 12,64,000 ரூபாய். வகுத்தால் 252 ரூபாய் 80 காசு. இதுதான் முடிவு விலை. மூணரை மணிக்கு உங்கள் திரையில் நின்றது 258. இரண்டுக்கும் ஐந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம். யாரும் திருடவில்லை, வகுத்தார்கள், அவ்வளவுதான். அந்த அரை மணியில் ஒரு வியாபாரமும் நடக்காத பங்குக்கு, அன்று கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையே முடிவு விலை.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு கவனம்? மறுநாள் பங்கு எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்ற எல்லை இதிலிருந்து கணக்கிடப்படுகிறது. பரஸ்பர நிதி யூனிட்டின் அன்றைய மதிப்பும் இந்த விலைகளை வைத்துத்தான். 2024 மார்ச்சில் மத்திய அரசு தன் என்.எல்.சி. பங்குகளில் ஒரு பகுதியைச் சந்தை வழியே விற்றபோது அடிப்படை விலை 212 ரூபாய் என்று அறிவித்தது. அது மலிவா, சரியா என்று நம் ஊரில் பேசியவர்கள் எல்லோரும் அதை எதோடு ஒப்பிட்டார்கள்? முந்தைய நாள் முடிவு விலையோடுதான்.

சராசரியின் பலவீனம்

சராசரி வைத்தால் கடைசி நொடியில் பத்துப் பங்கு வாங்கி விலையைக் கெடுக்க முடியாது. அது பெரிய லாபம். ஆனால் குறை இரண்டு உண்டு.

முதலாவது, சராசரி விலையில் யாரும் வாங்க முடியாது. மேலே சொன்ன கணக்கில் 252.80க்கு ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. குறியீட்டு நிதிகள் நிஃப்டியை அப்படியே பின்பற்ற வேண்டியவை. நிஃப்டியில் ஒரு பங்கைச் சேர்க்கும் நாளில் அவர்களுக்குத் தேவை முடிவு விலை. ஆனால் அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சராசரிக்கு அருகில் வர முயல வேண்டும். வித்தியாசம் வந்தால் அது முதலீட்டாளர் பணம். (சந்தை மூடியபின் 3.40 முதல் 4 மணி வரை முடிவு விலையிலேயே வியாபாரம் செய்ய ஒரு அமர்வு உண்டு. எதிரில் ஆள் வந்தால்தான் அதில் பயன்.)

இரண்டாவது, பணம் மிகுந்தவர் அரை மணி முழுக்கத் தள்ளினால் சராசரியும் நகரும். 2025 ஜூலை 3 அன்று ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின்மேல் செபி போட்ட இடைக்கால உத்தரவில் இப்படி ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. ஒப்பந்தங்கள் முடியும் நாளில் கடைசி நேரத்தில் பெரிய அளவில் வாங்கியோ விற்றோ குறியீட்டின் முடிவைத் தனக்குச் சாதகமாக நகர்த்தியது என்று செபி சொன்னது. நிறுவனம் அதை மறுத்துள்ளது. தீர்ப்பு எதுவானாலும், குறியீட்டின் முடிவை நம்பி எத்தனை கோடிகள் கைமாறுகின்றன என்பதை அந்த உத்தரவு ஊருக்குக் காட்டியது.

அடுத்த மாதமே, 2025 ஆகஸ்டில், மாலையிலும் ஏலம் வைக்கலாமா என்று கேட்டு செபி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 20 நிமிடத் தனி அமர்வு, முதலில் எதிர்கால ஒப்பந்த வியாபாரம் உள்ள பெரிய பங்குகளுக்கு மட்டும் என்பது யோசனை. வெளிநாடுகளில் இது புதிதல்ல. பாரிஸ் சந்தை 1996இல் சிறிய பங்குகளுக்கும் 1998இல் பெரிய பங்குகளுக்கும் மாலை ஏலத்தைக் கொண்டுவந்தது. நமக்கும் இது 1999இல் விட்ட இடத்தைத் தேடித் திரும்பும் பயணம்.

மாலை ஏலம் வந்தால், அமுதா, செல்வி கணக்குதான் மாலையிலும். முடிவு விலை என்பது வகுத்து வந்த எண்ணாக இல்லாமல், அந்த விலையில் உண்மையில் பங்கு கைமாறிய விலையாக இருக்கும். ஆனால் கூட்டம் வந்தால்தான் ஏலத்துக்கு மதிப்பு. அமர்வு வைத்துவிட்டு ஆர்டர் போடுபவர் குறைந்தால், பழைய பத்துப் பங்கு வில்லங்கம் வேறு வேடத்தில் வரும்.

ஆகவே, மூணரை மணிக்கும் இரவுக்கும் விலை வேறாக இருந்தால் பதறாதீர்கள். 3 மணிக்குப் பிறகு நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். வித்தியாசம் பெரியதாக இருந்தால் கடைசி நிமிடங்களில் விலை சட்டென்று நகர்ந்திருக்கிறது என்று பொருள். காலையில் 9.05க்கு ஓடும் உத்தேச விலையை நம்பி ஆர்டர் போடாதீர்கள். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். ஏலத்தில் அதற்கு மேல் உங்களிடம் யாரும் வாங்க முடியாது.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். செல்விக்கு ஏன் 100 பங்கு கிடைக்கவில்லை என்று யார் முதலில் சரியாக விளக்குகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நெய்வேலி